களியை நிறுத்துவதற்கு முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

"சார், உடம்பு குறைய ஒரு மாசத்துக்கு டயட் சார்ட்டும் எக்சர்சைஸ் பிளானும் போட்டுக் குடுங்க. காலைல என்ன, மதியம் என்ன, ராத்திரி என்னன்னு தெளிவா வேணும். நம்ம ஊரு பாலக்கோடு பக்கம். களி, சோறு ரெண்டையும் அடியோட நிறுத்த ரெடி."

சார்ட் எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதும். இன்று எல்லோர் கையிலும் சுற்றுவது அநேகமாக இதுதான்: காலையில் சாப்பாடு கிடையாது, வெறும் காபி. ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் வேக நடையோ ஓட்டமோ. பன்னிரண்டு மணிக்கு இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் காய், கொஞ்சம் தயிர். ராத்திரி ஏழு மணிக்குக் கொள்ளு சுண்டலும் மோரும். களி, சோறு, இட்லி எதுவும் கிடையாது. இதைப் பின்பற்றினால் முதல் இரண்டு வாரத்தில் எடை குறையத்தான் செய்யும், அதில் பாதிக்கு மேல் தண்ணீர் என்றாலும் தராசு முள் இறங்கும்.

ஆனால் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. வயது எழுதவில்லை, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை, எதற்காகக் குறைக்க வேண்டும் என்றும் எழுதவில்லை. நீங்கள் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பத்தொன்பது வயதுப் பையனாக இருந்தால் இந்த சார்ட் உங்களை மெதுவாக ஓட வைக்கும், அவ்வளவுதான். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க காலில் மாவுச்சத்து வேண்டும், களியை நிறுத்திவிட்டு ஓடினால் மூன்றாவது சுற்றிலேயே கால் கனக்கும். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் அம்மாவாக இருந்தால் இந்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறைப்பதே தப்பு. இதையெல்லாம் விட எனக்குப் பயம் தருகிற ஆள் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது தாண்டி, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, நிஜமாகவே எடை குறைக்க வேண்டியவர். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், உங்களை மாதிரியே கேட்கவும் செய்கிறார்கள். அதனால் அவர் இந்த சார்ட்டை எடுத்தால் என்ன ஆகும் என்பதை முழுதாகச் சொல்கிறேன்.

புரிவதற்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 52, எடை 78 கிலோ, உயரம் 165 சென்டிமீட்டர். தக்காளித் தோட்டம், இரண்டு மாடு. ஆறு வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500, காலையில் கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், பிபிக்கு அட்டெனலால் 50. காலையில் ஐந்து இட்லி, மதியம் 150 கிராம் மாவில் கிளறிய களி உருண்டை, ராத்திரி சோறு, நடுவில் சர்க்கரை போட்ட டீ மூன்று. இதில் மாவுச்சத்தை மட்டும் கூட்டினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 270, 280 கிராம் வரும். களியை நம் ஊரில் சர்க்கரைக்கு மருந்து என்றே நினைக்கிறார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கேழ்வரகு மாவு 100 கிராமில் மாவுச்சத்து 70 கிராமுக்கு நெருக்கம், அரிசியை விடக் கொஞ்சம்தான் குறைவு. சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் அதில் அதிகம், நல்ல தானியம்தான், ஆனால் நைசாக அரைத்த மாவைக் கிளறி இரண்டு உருண்டை விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

இவருக்குக் கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியது இந்த 270 கிராம் சாப்பாட்டுக்குத்தான். சார்ட்டில் இருப்பதைக் கூட்டினால் 60 கிராம் தேறாது. சாப்பாடு ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது, மாத்திரை அப்படியே இருக்கிறது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

கிளிமிபிரைடு என்ன செய்கிறது என்றால், கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அது பார்ப்பதில்லை. சாப்பிடாவிட்டாலும் சுரக்க வைக்கும், ஒருமுறை போட்டால் வேகம் கிட்டத்தட்ட ஒரு நாள் வரை இருக்கும். அதனால்தான் அதை அன்றைய முதல் சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொல்வார்கள். நம்மவரோ பழக்கப்படி காலை ஏழு மணிக்குப் போட்டுவிடுகிறார், ஆனால் சார்ட்படி முதல் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு. ஐந்து மணிக்கே ஒரு மணி நேரம் வேகமாக நடந்தும் விட்டார். உடற்பயிற்சியின்போது தசை இன்சுலின் இல்லாமலேயே ரத்தத்தில் இருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், முடிந்த பிறகும் பல மணி நேரம், சிலருக்கு மறுநாள் வரைக்கும், இன்சுலின் வழக்கத்தை விட நன்றாக வேலை செய்யும். ஆக, வெளியிலிருந்து வருவது நின்றுவிட்டது, தசை ஒரு பக்கம் இழுக்கிறது, மாத்திரை இன்னொரு பக்கம் இறக்குகிறது. பத்து பத்தரை மணிக்குத் தோட்டத்தில் வெயிலில் நிற்கும்போது சர்க்கரை 70க்குக் கீழே போவது ஆச்சரியமே இல்லை. 54க்குக் கீழே போனால் மூளையே தடுமாறத் தொடங்கும்.

சர்க்கரை இறங்கினால் சாதாரணமாக உடம்பே எச்சரிக்கும். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், குப்பென்று வேர்க்கும், பசி கிள்ளும். ஆனால் இவர் போடும் அட்டெனலால் நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிவிடும், பிபிக்குத் தருகிற மெட்டோபிரலாலும் அதே வகைதான். மிஞ்சுவது பெரும்பாலும் வேர்வைதான். புதிதாக டயட் ஆரம்பித்த மனிதர், வெயிலில் நிற்கிறார், வேர்த்தால் என்ன நினைப்பார்? கொழுப்பு கரைகிறது என்று சந்தோஷப்படுவார். அடுத்த கட்டத்தில் பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும், காரணமில்லாமல் எரிந்து விழுவார், நடை தள்ளாடும். காலையிலேயே குடித்துவிட்டான் என்று பக்கத்தில் இருப்பவர்கள் ஒதுங்கிப் போவதும் உண்டு. அந்த நேரத்தில் அவர் பைக்கில் வந்துகொண்டிருந்தாலோ கிணற்று மேட்டில் நின்றாலோ என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

இப்படி ஆனால் என்ன செய்வது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நினைவு இருந்து, விழுங்க முடிகிறது என்றால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். களியோ பிஸ்கட்டோ சாக்லெட்டோ கொடுத்தால் ஏற நேரமாகும், முதலில் சர்க்கரைத் தண்ணீர்தான். 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70க்கு மேல் வரவில்லை என்றால் இன்னொரு மூன்று டீஸ்பூன். சரியானதும் விட்டுவிடாதீர்கள், உடனே இட்லியோ சோறோ சாப்பிட வேண்டும், ஏனென்றால் மாத்திரை இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். இந்த வகை மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்தவர் சரியாகி உட்கார்ந்த பிறகும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் நல்லது, வயதானவர்களும் கிட்னி பலவீனமானவர்களும் கட்டாயம் போக வேண்டும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிடுங்கள்.

அப்படியென்றால் இவர் எடை குறைக்கவே கூடாதா? கட்டாயம் குறைக்க வேண்டும். 78 கிலோவும் 165 சென்டிமீட்டரும் என்றால் பிஎம்ஐ 28.7, நம்மவர்களுக்கு 25 தாண்டினாலே பருமன் கணக்கு. மாவுச்சத்தைக் குறைப்பது அவருக்கு நல்லதே, நடப்பதும் நல்லதே. சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன்னாடி மாத்திரையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும், வரிசை மாறியதுதான் கோளாறு. "சாயங்காலம் நடக்கப் போகிறேன், மதியக் களியைப் பாதியாக்கப் போகிறேன், கிளிமிபிரைடு எவ்வளவு போடட்டும்?" என்று டாக்டரிடம் இரண்டு நிமிடம் கேட்டால் போதும். சாப்பாடு நன்றாகக் குறையும்போது அதைப் பாதியாக்குவதும் முழுதாக நிறுத்துவதும் அவர்களுக்கு வழக்கமான வேலைதான். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் பெரும்பாலும் சர்க்கரையைத் தாழ்த்தாது, அதனால் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். ஆனால் நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பாட்டில் பழைய பழக்கத்துக்கே திரும்பியவர்கள் 400, 500 என்று வந்து நிற்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை என்பவர்களுக்கு ஒன்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே பிபி, சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து தருகிற அம்மாவிடம் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். சாப்பாட்டை மாற்றப் போகிறேன் என்று சொல்லுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள்.

இவருக்கு நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன். காலைச் சாப்பாட்டை விடவே கூடாது, மாத்திரையும் அதோடுதான். ஐந்து இட்லி மூன்றாகட்டும், பக்கத்தில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ வரட்டும். மதியக் களி 150 கிராம் மாவிலிருந்து 80 கிராமுக்கு இறங்கட்டும், அந்த இடத்தைக் கீரை மசியலும் அவரைக்கொட்டைக் குழம்பும் பிடிக்கட்டும். டீயில் சர்க்கரை வேண்டாம். ராத்திரி சோறு பாதி, காய் இரண்டு பங்கு. இதிலேயே மாவுச்சத்து 150 கிராம் பக்கம் வந்துவிடும், ஆனால் எந்த வேளையும் காலியாக இருக்காது. நடையை வெறும் வயிற்றில் வைக்காமல் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து வைப்பேன், முதல் வாரம் 15 நிமிடம், அப்புறம் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம். முதல் இரண்டு வாரம் காலை வெறும் வயிற்றிலும் நடைக்கு முன்னாலும் குளுக்கோமீட்டரில் பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். நடைக்கு முன் 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சட்டைப் பையில் நான்கு குளுக்கோஸ் மாத்திரையோ ஒரு பொட்டலம் சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும். சாயங்காலம் வழக்கத்தை விட அதிகம் உழைத்த நாளில், உதாரணமாக மாட்டுக்குத் தீவனம் அறுத்துச் சுமந்த நாளில், நடையை விட்டுவிடலாம், ஏனென்றால் அந்த மாதிரி நாளின் ராத்திரியில்தான் தூக்கத்தில் சர்க்கரை இறங்கும். விடியற்காலையில் தலையணை நனைய வேர்த்து, தலைவலியோடு எழுந்தால் அது அதன் அடையாளமாக இருக்கலாம்.

பிபி மாத்திரைக்கும் இதே கவனம் வேண்டும். எடையும் உப்பும் குறையக் குறைய பிபி தானாக இறங்கும், மாத்திரை மட்டும் பழைய அளவில் இருந்தால் உட்கார்ந்து எழும்போது கண் இருட்டும். இதைச் சத்துக் குறைவு என்று நினைத்து டானிக் வாங்குகிறார்கள். படுத்திருக்கும்போது ஒரு தடவையும் எழுந்து நின்ற பிறகு ஒரு தடவையும் பிபி பார்த்தால் தெரிந்துவிடும்.

மாத்திரை வேறாக இருந்தால் ஆபத்தும் வேறாக இருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற வகை இப்போது நிறைய பேருக்கு எழுதுகிறார்கள், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். இவை தனியாக இருந்தால் சர்க்கரைத் தாழ்நிலை அவ்வளவாக வராது. ஆனால் இவற்றைப் போட்டுக்கொண்டு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலோ நாள் கணக்கில் பட்டினி கிடந்தாலோ ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். குளுக்கோமீட்டரில் 180, 200 என்று சாதாரணமாகத்தான் காட்டும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்று வலி, ஓடாமலே மூச்சு வேகமாக வாங்குவது, இவை சேர்ந்து வந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரி, போனதும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும். களி, சோறு இரண்டையும் நிறுத்த ரெடி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது இதுதான்.

கிட்னியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை பல வருடம் ஓடியவருக்குக் கிட்னி பலவீனமாவது வெளியே தெரியாது, கிரியாட்டினின் பரிசோதனையிலும் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பதிலும்தான் தெரியும். பலவீனமான கிட்னியில் சில மாத்திரைகள் சீக்கிரம் வெளியேறாமல் தங்கிவிடும், தாழ்நிலை நீளும். தினமும் ஆறு முட்டை, புரோட்டீன் பவுடர் என்று போகிற சார்ட்டும் அந்தக் கிட்னிக்கு ஆகாது. கண் விழித்திரையில் ரத்தக் குழாய் பாதிப்பு முற்றியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரமான எடை தூக்கினால் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். பாதம் மரத்துப்போனவர் புது ஷூவில் நடந்து கொப்புளம் வந்தாலும் உணர மாட்டார். அதனால் சர்க்கரை உள்ளவரிடம் கண்ணும் பாதமும் கடைசியாக எப்போது பார்த்தது என்று நான் கேட்பேன்.

உடற்பயிற்சிப் பக்கம் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது, வெளியூரில் எழுதிய எந்த சார்ட்டிலும் அது இருக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, பல கிராமத்து ஆழ்துளைக் கிணறுகளில் அதைத் தாண்டியிருந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான், 2013ல்தான் தண்ணீர் விட்டார்கள். அதற்கு முன் இருபது முப்பது வருடம் போர் தண்ணீர் குடித்தவர்களில் சிலருக்கு எலும்பு கெட்டியாகி, முதுகுத்தண்டை ஒட்டிய நார்களில் சுண்ணாம்பு படிந்து, கழுத்தும் இடுப்பும் விறைத்திருக்கும். அதை உடம்பு கனத்தால் வந்த வலி என்று நினைத்துக் குனிந்து கால் தொடுகிற பயிற்சியையும் ஜம்பிங்கையும் கொடுத்தால் வலி கூடும், முதுகுத்தண்டுக் குழாய் ஏற்கெனவே குறுகியிருந்தால் கால் மரத்துப்போகும் அளவுக்கும் போகலாம். நீங்களே சோதித்துப் பார்க்கலாம், மெதுவாக, வலித்தால் நிறுத்திவிடுங்கள்: முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா, தாடையை நெஞ்சில் ஒட்ட முடிகிறதா, இரண்டு கையையும் தூக்கிப் பிடரியில் வைக்க முடிகிறதா. மூன்றும் இறுகி நிற்கிறது, சின்ன வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கோடு இருக்கிறது என்றால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிட்டு வாருங்கள், அதுவரைக்கும் சமதரையில் நடை மட்டும்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். வயது, எடை, உயரம் எழுதுங்கள். மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பார்த்து எழுதுங்கள், கம்பெனி வைத்த பெயர் போதாது. பெயருக்குப் பின்னால் எம் 1, எம் 2 என்று இருந்தால் அநேகமாக அது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரை, ஒரே மாத்திரைதானே என்று நினைத்துவிடாதீர்கள். கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு, கிளிக்லசைடு இவையும் கிளிமிபிரைடு ஜாதிதான். இன்சுலின் ஊசி என்றால் எத்தனை யூனிட், எந்த வேளை என்பதும் வேண்டும். கடைசியாக எடுத்த, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, கிரியாட்டினின் இருந்தால் தேதியோடு போடுங்கள். மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ, கை தாடை வரை பரவும் வலியோ, தலைசுற்றலோ வந்ததுண்டா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், வந்திருந்தால் சார்ட் பிறகு, ஈசிஜி முதலில். அப்புறம் எதற்காகக் குறைக்கிறீர்கள்? முழங்கால் வலிக்காகவா, சர்க்கரைக்காகவா, தேர்வுக்காகவா, கல்யாணத்துக்கா? அதைப் பொறுத்து எவ்வளவு வேகத்தில் குறைப்பது என்பதே மாறும்.

எழுதி அனுப்பும் வரை நீங்கள் யாராக இருந்தாலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள், சாயங்கால போண்டா பஜ்ஜியை விடுங்கள், மதியமும் இரவும் சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் நிதானமாக நடங்கள். வேளைச் சாப்பாடு எதையும் விடாதீர்கள், களியும் இப்போதைக்கு இருக்கட்டும். எந்த மாத்திரையும் போடுவதில்லை, நோய் எதுவும் கிடையாது என்றால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். கடைசியாக எந்த வருடம் ரத்தமும் பிபியும் பார்த்தீர்கள் என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.